“எதை நம்பி” பத்தியை எடுத்துவிடாதீர்கள்: பாடத்தாள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்தாள் தயாரிப்புக் குழுவினருக்கு,

11ஆம் வகுப்பு இயற்பியல் டெரிவேஷன் ஷீட்டுகளில் வலப்பக்கம், ஒவ்வொரு வரியும் எந்த எடுகோளை நம்பி நிற்கிறது என்று சொன்ன “எதை நம்பி” என்ற பத்தியை எடுத்துவிட்டு, பாடத்துக்கு ஒரு பக்கம் என்று சுருக்கி அச்சடிக்க முடிவெடுத்திருக்கிறீர்கள். டெல்லியில் சனி, ஞாயிறுகளில் அந்த ஷீட்டுகளை வைத்து நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்களும், அவர்கள் எழுதித் தரும் விடைகளைத் திருத்துகிறவர்களும் நாங்கள். இந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, வரிவரியாகச் சொல்கிறோம். அது வாயுக்களின் இயக்கவியற் கொள்கை. அதிலும் அழுத்தத்துக்கான டெரிவேஷன் மட்டும்.

நீங்கள் அனுப்பிய மாதிரித் தாளில் அந்த டெரிவேஷன் இப்படி இருக்கிறது:

```
Δp = 2mv_x
Δt = 2L/v_x
F  = mv_x²/L
P  = (1/3)(N/V) m v²
(1/2) m v² = (3/2) kT
```

கணக்காகப் பார்த்தால் கடைசி விடை சரிதான். ஆனால் இரண்டாம் வரியில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு மூலக்கூறு சுவரில் மோதி, எதிர்ச்சுவருக்குப் போய், திரும்பி வந்து மறுபடி மோத 2L/v_x நேரம் ஆகும் என்கிறது அந்த வரி. வழியில் வேறெந்த மூலக்கூறின் மீதும் இடிக்காமல் போய் வந்தால்தான் அது உண்மை. அறை வெப்பநிலையில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், நைட்ரஜன் மூலக்கூறு ஒன்று ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே கடக்கும் தூரம் சராசரியாக 70 நானோமீட்டர் அளவுதான். 10 செ.மீ. பெட்டியில் போய்த் திரும்ப 20 செ.மீ. ஆகிறது. x திசையில் வினாடிக்கு 300 மீட்டர் வேகம் என்று வைத்தால் அதற்கு 0.00067 வினாடி பிடிக்கும். அந்த நேரத்துக்குள் அந்த மூலக்கூறு சுமார் 45 லட்சம் முறை மற்ற மூலக்கூறுகளோடு மோதியிருக்கும். நேராகப் போய் நேராகத் திரும்பும் மூலக்கூறு என்று அந்தப் பெட்டியில் ஒன்றுகூடக் கிடையாது.

“நடுவுல இடிச்சுக்காதா சார்?” என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்கிறது. மிகச் சரியான கேள்வி. பழைய ஷீட்டில் அந்த வரிக்கு எதிரே பதில் இருந்தது: “மூலக்கூறுகள் தமக்குள் மோதுவதில்லை என்று நம்பி. இது உண்மையல்ல, வசதிக்காக. மோதலை விடாமலே இதே விடைக்கு வரும் வழி பின்பக்கம்.” புதிய தாளில் இந்த மூன்று வாக்கியமும் இல்லை. அவை இல்லாவிட்டால், இந்தப் பாடத்தில் தனக்குத் தோன்றிய சந்தேகம் தவறு என்ற எண்ணத்தோடு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்.

இனி, சரியான ஷீட் எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் கருதுவதைச் சொல்கிறோம்.

பாடநூல்கள் பாடத்தின் தொடக்கத்தில் எடுகோள்களை வரிசையாகப் பட்டியல் போட்டுவிடுகின்றன: மூலக்கூறுகள் ஏராளம், அவற்றின் அளவு மிகச் சிறியது, எல்லாத் திசையிலும் ஓடுகின்றன, மோதல்கள் மீட்சி மோதல்கள் என்று போகும். பிள்ளைகள் அந்தப் பட்டியலை ஒரு சிறுவினாவுக்கான விடையாகவும், டெரிவேஷனை ஒரு நெடுவினாவுக்கான விடையாகவும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறார்கள். எந்த எடுகோள் எந்த வரியில் செலவாகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஷீட்டின் வேலையே அந்தப் பட்டியலைக் கலைத்து, ஒவ்வோர் எடுகோளையும் அது முதன்முதலில் தேவைப்படுகிற வரியின் எதிரே கொண்டுபோய் வைப்பதுதான். அதற்கு ஒரு வரியில் ஒரு செயல் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு செயல்களை ஒரே வரியில் அடைத்தால் எடுகோள் எந்தச் செயலுக்கு உரியது என்று சொல்ல முடியாமல் போகும். உங்கள் தாளில் மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரிக்குத் தாவும்போது நான்கு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமும் அதுவே.

முதல் வரிக்கும் முன்னால், பூஜ்யம் என்று எண் போட்டு ஒரு வரி வேண்டும். குறியீடுகள் எதைக் குறிக்கின்றன என்பது மட்டும் அங்கே இருக்கும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை N, பெட்டியின் கனஅளவு V, ஒரு மூலக்கூறின் நிறை m, ஓர் அலகு கனஅளவில் உள்ள மூலக்கூறுகள் n = N/V. இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விடைத்தாளே சாட்சி. PV = nRT சமன்பாட்டில் வரும் மோல் எண்ணிக்கையும் இந்த n-உம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, n = 1 என்று போட்டு ஒரு மாணவி முழுக் கணக்கையும் முடித்திருந்தாள். கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. அலகை எழுதிப் பார்த்திருந்தால் பிழை உடனே தெரிந்திருக்கும்: n-க்கு அலகு இல்லையென்றால் nmv² ஜூலில் வரும், பாஸ்கலில் வராது. பூஜ்ய வரிக்கு எதிரே “n என்பது மோல் அல்ல, அதன் அலகு m⁻³” என்று எழுதியிருந்தால் போதும்.

அதே வரியில் முதல் எடுகோளும் வருகிறது: மூலக்கூறின் அளவு, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் சிறியது. இதை வெறும் சொல்லாக விடாமல் எண்ணாகக் கொடுக்க வேண்டும். 300 கெல்வினில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், n சுமார் 2.45 × 10²⁵ m⁻³. அப்படியானால் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 3.4 நானோமீட்டர். நைட்ரஜன் மூலக்கூறின் விட்டம் ஏறத்தாழ 0.37 நானோமீட்டர். ஒன்பது மடங்கு இடைவெளி. வாயுவைச் சிலிண்டரில் அடைத்து அழுத்த அழுத்த இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அழுத்தம் மிக அதிகமாகும்போது நல்லியல்பு வாயுச் சமன்பாடு பொய்த்துப்போவதற்கு இந்தப் பூஜ்ய வரி உடைவது ஒரு காரணம் என்று பிள்ளைக்கு அப்போதே புரிந்துவிடும்.

முதல் வரி: x திசையில் v_x வேகத்தில் வந்து சுவரில் மோதிய மூலக்கூறு −v_x வேகத்தில் திரும்புகிறது. அதன் உந்த மாற்றம் −2mv_x. எதிரே எழுத வேண்டியது: மோதல் மீட்சி மோதல், சுவர் வழவழப்பானது (அதனால் v_y, v_z மாறவில்லை), சுவர் அசையவில்லை. இரண்டாம் வரி: சுவருக்குக் கிடைத்த உந்தம் +2mv_x. இதற்கு எதிரே எடுகோள் கிடையாது. “உந்த அழிவின்மை விதி” என்று மட்டும் வரும். உங்கள் தாளில் இந்த இரண்டு வரியும் சேர்ந்து Δp = 2mv_x என்று ஒன்றாகிவிட்டன. விளைவு, −mv_x − mv_x என்று சரியாகத் தொடங்கிய பிள்ளை விடையில் கழித்தல் குறியைக் கண்டு பயந்து, காரணம் சொல்லாமல் அதை அடித்துவிடுகிறது. அது மூலக்கூறின் கணக்கு, இது சுவரின் கணக்கு என்று இரண்டு வரியாக எழுதினால் அடிக்க வேண்டிய அவசியமே வராது.

மூன்றாம் வரியில் நாங்கள் 2L/v_x வழியை விட்டுவிட்டு வேறு வழியில் போகிறோம். சுவரில் A பரப்பை எடுத்துக்கொள்கிறோம். Δt நேரத்துக்குள் அதில் வந்து மோதப்போகிறவை எவை? சுவரை நோக்கி வருகின்றவற்றுள், சுவரிலிருந்து v_xΔt தூரத்துக்குள் இருப்பவை. அந்த மெல்லிய அடுக்கின் கனஅளவு Av_xΔt. எதிரே எழுத வேண்டியது: அடுக்குக்குள் அடர்த்தி சீரானது, Δt எவ்வளவு சிறியது என்றால், அந்த நேரத்துக்குள் பெரும்பாலான மூலக்கூறுகள் வழியில் மோதிக்கொள்வதில்லை, அதே சமயம் எவ்வளவு பெரியது என்றால், அதற்குள் எண்ணற்ற மூலக்கூறுகள் சுவரில் மோதிவிடுகின்றன.

சிறியதாகவும் பெரியதாகவும் ஒரே சமயத்தில் எப்படி இருக்க முடியும் என்று கேட்பார்கள். எண்ணைப் போட்டுக் காட்டுவோம். Δt = 3 × 10⁻¹¹ வினாடி என்று எடுங்கள். வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் அடுக்கின் தடிமன் 9 நானோமீட்டர். மோதலிடைத்தூரமான 70 நானோமீட்டரில் இது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே வழியில் இடித்துக்கொள்ளும் பேச்சைத் தள்ளிவைக்கலாம். சுவரில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை எடுத்தால், அந்த 9 நானோமீட்டர் அடுக்குக்குள் சுமார் 22 லட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கும். பாதி சுவரை நோக்கி வந்தாலும் 11 லட்சம் கோடி. சராசரி எடுக்க இது தாராளம். இன்னும் சிறிய Δt வேண்டுமென்றாலும் எடுத்துக்கொள்ளலாம், எண்ணிக்கை அப்போதும் குறைவாக இருக்காது. “நடுவுல இடிச்சுக்காதா” என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுவே. அடுக்கை விட்டு வெளியே எத்தனை லட்சம் மோதல் நடந்தாலும் நமக்குக் கவலையில்லை; ஒரு மூலக்கூறு விலகிப்போனால் அதே வேகத்தில் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது என்ற வெப்பச் சமநிலை மட்டும் போதும். பெட்டி கனசதுரமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இங்கே தானாக உதிர்ந்துவிடுகிறது. L என்ற எழுத்தே வரவில்லையே.

நான்காம் வரி: அடுக்கில் இருப்பவற்றில் பாதிதான் சுவரை நோக்கி வருகின்றன. எண்ணிக்கை (1/2)nAv_xΔt. எதிரே: வாயு மொத்தமாக எந்தப் பக்கமும் நகரவில்லை. இந்த ½-ஐ மறந்தால் அழுத்தம் இருமடங்காக வரும். மறந்தது தெரியாமலே முடித்துவிட்டு, விடை தெரியும் என்பதால் கடைசியில் 2/3-ஐ 1/3 ஆக்கிவிடும் தாள்களை ஒவ்வொரு தேர்விலும் திருத்துகிறோம்.

“மொத்தமாக நகரவில்லை” என்ற இந்த இரண்டு சொல்லில் ஒரு நுழைவுத்தேர்வுக் கேள்வியே அடங்கியிருக்கிறது. 130 கி.மீ. வேகத்தில் ஓடும் ராஜ்தானி ரயிலில் ஒரு நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறது. வாயுவின் வெப்பநிலை கூடுமா? மனப்பாடம் செய்த பிள்ளை, வேகம் கூடியது, v² கூடியது, ஆகவே T கூடியது என்று எழுதும். வினாடிக்கு 36 மீட்டரையும் 517 மீட்டரையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, 1.5 கெல்வின் ஏறும் என்று கணக்கும் போட்டுவிடும். வேகத்தைப் பெட்டியைச் சார்ந்து அளக்க வேண்டும் என்ற நான்காம் வரியின் எடுகோளைக் கண்ணால் பார்த்த பிள்ளை, “மாறாது” என்று ஒரே சொல்லில் முடிக்கும். வண்டி சட்டென்று நின்றால் அந்த ஒட்டுமொத்த ஓட்டத்தின் ஆற்றல் தாறுமாறான ஓட்டமாக மாறும், அப்போதுதான் வெப்பநிலை சிறிது ஏறும் என்றும் அதுவே சொல்லிவிடும்.

ஐந்தாம் வரி: சுவருக்குக் கிடைத்த மொத்த உந்தத்தை AΔt-ஆல் வகுத்தால் P = nmv_x². இதற்கு எதிரே அழுத்தத்தின் வரையறை மட்டும் வரும். ஆனால் இதுவரை எல்லா மூலக்கூறுக்கும் ஒரே v_x என்று வைத்துக்கொண்டோம். அது உண்மையல்ல. ஆகவே ஆறாம் வரியில் ஒவ்வொரு வேகக் கூட்டத்துக்கும் தனித்தனியே ஐந்தாம் வரியை எழுதிக் கூட்டுகிறோம்: P = nm<v_x²>.

இந்த ஆறாம் வரிதான் பாடம் முழுவதிலும் அதிகம் தவறு நடக்கும் இடம், உங்கள் தாளில் சுவடே இல்லாமல் போன வரியும் இதுதான். v_x ஏன் வர்க்கமாக வருகிறது? ஒரு v_x, ஒவ்வொரு மோதலிலும் கைமாறும் உந்தத்திலிருந்து வந்தது. இன்னொரு v_x, வேகமாக ஓடும் மூலக்கூறுகள் அதிகத் தடவை வந்து மோதுவதிலிருந்து வந்தது. இரண்டையும் பெருக்கிய பிறகே சராசரி எடுக்கிறோம். முதலில் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு வர்க்கப்படுத்தினால் என்ன ஆகும்? v_x-இன் சராசரி பூஜ்யம். வலப்பக்கம் போகிறவையும் இடப்பக்கம் போகிறவையும் சமம். அழுத்தமே பூஜ்யமாகிவிடும். இதைப் பார்த்துத் தவிர்த்தவர்களும் அடுத்த குழியில் விழுகிறார்கள். உங்கள் நான்காம் வரியில் வெறுமனே v² என்று இருக்கிறது. v என்பது சராசரி வேகமா, சராசரி இருமடிமூல வேகமா என்று எங்கும் சொல்லவில்லை. பிள்ளை தனக்குத் தெரிந்த சராசரி வேகத்தை எடுத்துப் போடும்.

அதன் விலை என்ன என்று பாருங்கள். 300 கெல்வினில் நைட்ரஜனின் சராசரி இருமடிமூல வேகம் வினாடிக்கு 517 மீட்டர். சராசரி வேகம் 476 மீட்டர். அந்த நிலையில் அடர்த்தி 1.14 kg/m³. முதல் எண்ணைப் போட்டால்

P = (1/3) × 1.14 × 517² ≈ 1.02 × 10⁵ Pa

என்று ஒரு வளிமண்டல அழுத்தம் சரியாக வருகிறது. இரண்டாம் எண்ணைப் போட்டால் 0.86 × 10⁵ Pa. நூற்றுக்குப் பதினைந்து குறைவு. வாயு எதுவானாலும், வெப்பநிலை எதுவானாலும் இதே பதினைந்துதான் குறையும், ஏனென்றால் இரண்டு வேகங்களின் வர்க்கங்களுக்கு இடையே உள்ள விகிதம் 8/3π, அதாவது 0.85. ஆகவே ஒரு மாணவனின் விடை சரியான விடையில் 0.85 மடங்காக வந்தால், அவன் எந்த வரியில் தவறினான் என்று தாளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இரண்டு மடங்காக வந்தால் நான்காம் வரி. மூன்று மடங்காக வந்தால் அடுத்து வரும் ஏழாம் வரி. வரிக்கு எண்ணும் எடுகோளும் இருக்கிற ஷீட்டில்தான் இப்படிப் பிழையைத் தடம்பிடிக்க முடியும்.

ஏழாம் வரி: <v_x²> = <v_y²> = <v_z²>, ஆகவே ஒவ்வொன்றும் <v²>-இல் மூன்றில் ஒன்று. எதிரே: வாயுவுக்கு எல்லாத் திசையும் ஒன்றே. v² = v_x² + v_y² + v_z² என்பது எடுகோள் அல்ல, வெறும் வடிவியல்; அதையும் எதிரே தனியாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் ஒன்று என்று எண்ணிக்கொள்வார்கள். “புவியீர்ப்பு கீழே இழுக்கிறதே, எல்லாத் திசையும் எப்படி ஒன்றாகும்?” என்ற கேள்வி வரும். அதற்கும் ஓர் எண் போதும். ஒரு மீட்டர் உயரப் பெட்டியில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு சுமார் 11 பாஸ்கல், ஒரு லட்சம் பாஸ்கலில். பெட்டிக்குப் பதில் வளிமண்டலம் முழுவதையும் எடுத்தால், மூன்றாம் வரியில் சொன்ன சீரான அடர்த்தி நிற்காது.

எட்டாம் வரியில் P = (1/3)nm<v²> வந்துவிடுகிறது. ஒன்பதாம் வரியில் அதை PV = NkT உடன் ஒப்பிட்டு (1/2)m<v²> = (3/2)kT என்கிறோம். இங்கே எதிர்ப்பக்கம் எழுத வேண்டியதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்: இது முந்திய வரிகளிலிருந்து வரவில்லை, சோதனையிலிருந்து வருகிறது. எட்டாம் வரிவரை எந்தச் சமன்பாட்டிலும் வெப்பநிலை கிடையாது. வாயுக்களை அளந்து கண்டறிந்த ஒரு விதியை இந்த இடத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கிறோம். உங்கள் தாளில் நான்காம் வரிக்கும் ஐந்தாம் வரிக்கும் நடுவே இதைச் சொல்லும் ஒரு சொல்கூட இல்லை. அதனால், நியூட்டன் விதிகளைக் கொண்டே வெப்பநிலையை நிரூபித்துவிட்டோம் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

இப்படி எதிர்ப்பக்கம் வருவன எல்லாம் ஒரே வகை அல்ல என்பதால், ஒவ்வொன்றின் முன்னும் ஓர் அடையாளம் போட்டிருந்தோம். வரையறைக்கும் விதிக்கும் “வி”, தோராயத்துக்கு “தோ”, சோதனையிலிருந்து வருவதற்கு “சோ”, வசதிக்காக மட்டும் வைத்துக்கொண்டதற்கு “வ”. கடைசி அடையாளம் அலங்காரத்துக்கு அல்ல. முதல் வரியில் சொன்ன வழவழப்பான சுவரையே பாருங்கள். உண்மையான சுவர் மூலக்கூறின் அளவில் கரடுமுரடானது. சில மூலக்கூறுகள் அதில் சற்று ஒட்டியிருந்து, வேறு திசையில் வேறு வேகத்தில் வெளியேறுகின்றன. ஒவ்வொரு மோதலும் மீட்சி மோதலாக இருக்க வேண்டியதில்லை. சுவரும் வாயுவும் ஒரே வெப்பநிலையில் இருந்து, சராசரியில் வந்த மாதிரியே திரும்பினால் போதும். ஆக அது “வ”. அதைத் தளர்த்தினாலும் விடை மாறாது. ஏழாம் வரியின் திசைச் சமத்துவம் “தோ”. அது போனால் விடையும் போகும். எந்த எடுகோளை அடித்தால் எந்த வரி விழுகிறது, எதை அடித்தால் ஒன்றும் விழுவதில்லை என்று பிள்ளையைச் சோதிக்கச் சொல்லும் பயிற்சி பழைய ஷீட்டின் அடியில் இருந்தது. அதையும் எடுத்துவிட்டீர்கள்.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறோம். ஜெராக்ஸ் செலவு என்கிறீர்கள். பத்து வரியும் பத்தியும் ஒரு A4 தாளின் முன்பக்கத்தில் அடங்கும். எண்ணைப் போட்டுச் சரிபார்ப்பதும் மற்ற வழியும் பின்பக்கம் போகும். தாள் ஒன்றுதான். அச்சுக்கு ஆகும் கூடுதல் தொகையை ஆசிரியர்களாகிய நாங்களே பகிர்ந்துகொள்ளத் தயார். தேர்வில் எடுகோளுக்கு மதிப்பெண் இல்லை என்கிறீர்கள். கூற்று–காரணம் வகைக் கேள்விகள் இப்போது வினாத்தாளில் வந்துகொண்டிருக்கின்றன. கூற்று சரி, காரணம் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்குகிறதா என்று கேட்கும்போது, கேட்பது இந்தப் பத்தியைத்தான். பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்குத் தமிழில் எதற்கு என்கிறீர்கள். நடு வரி குறியீடுகளால் ஆனது, அதற்கு மொழி இல்லை. வலப்பக்கம் தமிழில் இருப்பதால், முனிர்காவிலோ மயூர் விஹாரிலோ இயற்பியலே படிக்காத ஓர் அம்மா அதைக் கையால் மூடிக்கொண்டு “ஏழாம் வரி எதை நம்பிடா?” என்று கேட்க முடிகிறது. பதில் சரியா என்று கையை எடுத்துப் பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே இருக்கட்டும்: மீட்சி மோதல், எலாஸ்டிக் கொலிஷன் என்று. அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

“எதை நம்பி” பத்தி இல்லாமல் எந்த டெரிவேஷன் ஷீட்டையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். இயக்கவியற் கொள்கைத் தாளை 2L/v_x வழியை விட்டு, மேலே சொன்ன மெல்லிய அடுக்கு வழியில், பூஜ்யம் முதல் ஒன்பது வரையான வரிகளோடு திரும்ப எழுதுங்கள். 2L/v_x வழி பின்பக்கம் போகட்டும், “மோதல் இல்லை என்று நம்பி” என்ற குறிப்போடு. v² என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் <v²> என்று திருத்துங்கள்.

ஒவ்வொரு ஷீட்டின் கடைசியிலும், உண்மையான ஒரு பொருளின் எண்களைப் போட்டு விடையைச் சரிபார்க்கும் ஒரு வரியும், 0.85 மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று தவறான விடையிலிருந்து தவறிய வரியைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறு அட்டவணையும் இருக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும் முன், பாடம் நடத்தும் ஆசிரியர்களில் இருவர் ஒவ்வொரு ஷீட்டையும் வரிவரியாகப் படித்து, எந்த வரியில் சொல்லப்படாத எடுகோள் ஒளிந்திருக்கிறது என்று குறித்துத் தர வேண்டும். அந்தக் குறிப்புகளை ஏற்கவில்லையென்றால் ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை வகுப்புக்கு முன் குழுவில் ஒருவராவது எங்களோடு உட்கார வேண்டும். இயக்கவியற் கொள்கைத் தாளின் திருத்திய பிரதி, நான்கு அடையாளங்களும் போட்டு, கையெழுத்தில் தயாராக இருக்கிறது. சீரிசை இயக்கம், பெர்னூலி தேற்றம் இரண்டுக்கும் இதே முறையில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அவற்றை முடித்துத் தரும்வரை அந்த இரண்டு பாடங்களின் சுருக்கத் தாள்களை அச்சகத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
வார இறுதி வகுப்பு இயற்பியல் ஆசிரியர்கள்
புது டெல்லி